பாதி காஃபீன், முழு டம்ளர்

காபியைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் இரண்டே வழிகள்தான் பேசப்படும். ஒன்று, நாளையிலிருந்து நிறுத்திவிடுவது. மற்றொன்று, இரண்டு டம்ளரை ஒன்றாக்குவது. நிறுத்தியவர் மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்ப வருகிறார். ஒன்றாக்கியவர் டம்ளரைப் பெரிதாக்கிக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. வழக்கமான காபிக்கொட்டையோடு காஃபீன் நீக்கிய கொட்டையைக் கலந்து, அதே ஃபில்டரில், அதே நேரத்தில், அதே அளவு டிகாஷன் இறக்கிக் குடிப்பது. மேல்நாட்டுக் காபிக் கடைகளில் இதை ‘ஹாஃப் காஃப்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். நம் ஃபில்டர் காபிக்கும் இது நன்றாகவே பொருந்தும். ஆனால் நம் தூளில் சிக்கரியும் ரோபஸ்டாவும் கலந்திருப்பதால் கணக்கு கொஞ்சம் வேறு. அந்தக் கணக்கைப் பார்க்காமல் ‘ஒரு கரண்டி இது, ஒரு கரண்டி அது’ என்று கலந்தால் பாதியும் வராது, ருசியும் வராது.

எனவே டிகாஃப் கொட்டையைத் தேடிப் போவதற்கு முன்னால், இப்போது வீட்டு டப்பாவில் இருக்கும் தூளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காபியில் நாம் குடிக்கும் இனங்கள் இரண்டு. அராபிகா, ரோபஸ்டா. அராபிகா வறுத்த கொட்டையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் காஃபீன் இருக்கும். ரோபஸ்டாவில் 2.2 சதவீதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். ஒரே எடைத் தூளுக்கு ரோபஸ்டா கிட்டத்தட்ட இரட்டிப்புக் காஃபீன் தருகிறது. இந்தியாவில் விளையும் காபியில் சுமார் 70 சதவீதம் ரோபஸ்டாதான். விலையும் பொதுவாகக் குறைவு. டிகாஷன் கெட்டியாக, நுரையோடு, நாக்கில் கசப்பாக நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கடைக்காரர் ரோபஸ்டாவைக் கூட்டித்தான் தருவார். ‘பீபெரி’ என்று கேட்டால் அராபிகா என்றே பலர் நினைக்கிறார்கள். பீபெரி என்பது ஒரு பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்த கொட்டை. அது அராபிகாவிலும் உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “இதில் ரோபஸ்டா எத்தனை பங்கு?” என்பது. நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார்.

மூன்றாவது பொருள் சிக்கரி. அது காபியே அல்ல. ஒரு செடியின் கிழங்கு போன்ற வேரை உலர்த்தி வறுத்து இடித்தது. அதில் காஃபீன் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிட வேண்டும். ஆகவே 60க்கு 40 கலவையைக் குடிப்பவர், தான் அறியாமலே காஃபீனைக் குறைத்துத்தான் குடிக்கிறார். சிக்கரி டிகாஷனைக் கறுப்பாக்கும், கெட்டியாக்கும். அதனால் நிறத்தையும் கெட்டியையும் வைத்துக் காஃபீனை மதிப்பிட முடியாது. கறுகறுவென்று இறங்கிய டிகாஷனில் காஃபீன் குறைவாக இருக்கலாம். வறுவலும் அப்படித்தான். கறுக்க வறுத்தால் ‘ஸ்ட்ராங்’ என்பது நாக்கின் தீர்ப்பு மட்டுமே. வறுக்கும்போது கொட்டையின் காஃபீன் பெரிதாக மாறுவதில்லை.

காஃபீனை எடுக்கும் விதம்

காஃபீனைத் தனியே பிரித்தெடுத்தவர் ஃபிரீட்லீப் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலாளர். கவிஞர் கோத்தே அவரிடம் காபிக்கொட்டையைக் கொடுத்து ஆராயச் சொன்னார் என்பது வரலாறு. அது 1819ஆம் ஆண்டு. ஆனால் குடிப்பதற்கான காபியிலிருந்து காஃபீனை எடுத்து விற்க இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜெர்மனியின் பிரேமன் துறைமுக நகரத்து வணிகர் லூட்விக் ரோசெலியூஸ், தன் தந்தையின் மரணத்துக்கு அளவுக்கு மீறிய காபியே காரணம் என்று நம்பினார். கடல்நீரில் நனைந்து வந்த ஒரு கப்பல் சரக்கிலிருந்து அவருக்கு வழி புலப்பட்டதாகச் சொல்வார்கள்: கொட்டையை நனைத்து உப்பவிட்டால் உள்ளிருக்கும் காஃபீனை வெளியே இழுக்கலாம். 1906இல் அவர் தொடங்கிய நிறுவனம் காஃபீன் இல்லாத காபியை விற்றது. அன்று அவர் பயன்படுத்திய கரைப்பான் பென்சீன். அது நஞ்சு என்பதால் பின்னால் கைவிடப்பட்டது.

இன்றும் அடிப்படை அதேதான். வறுக்காத பச்சைக் கொட்டையில்தான் வேலை நடக்கும். வறுத்த கொட்டையில் செய்தால் வாசனையெல்லாம் போய்விடும். பச்சைக் கொட்டையை நீராவியிலோ வெந்நீரிலோ ஊறவைத்து, துளைகள் திறந்ததும் காஃபீனைக் கரைத்து எடுக்கிறார்கள். கரைக்க ஒரு முறையில் மெதிலீன் குளோரைடு, இன்னொன்றில் பழங்களிலும் இயற்கையாக இருக்கும் எத்தில் அசிட்டேட், வேறொன்றில் மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்திய கார்பன் டை ஆக்சைடு. இந்தக் கடைசி முறையின் வேர், ஜெர்மனியின் மூல்ஹைமில் கூர்ட் சோசல் 1967இல் கண்டது. தண்ணீரை மட்டுமே கொண்டு செய்யும் முறையும் உண்டு. அதில் முதலில் ஒரு தொகுதிக் கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, காபியின் ருசிப் பொருள்கள் நிறைந்த நீரை எடுத்து, அதிலிருந்து காஃபீனைக் கரித்தூளால் வடிகட்டுகிறார்கள். ருசி நிறைந்து காஃபீன் மட்டும் இல்லாத அந்த நீரில் அடுத்த தொகுதியை ஊறவைத்தால், காஃபீன் மட்டும் வெளியேறும். நீரில் ருசிப் பொருள்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கொட்டையிலிருந்து ருசி வெளியேற இடமில்லை. மிக அழகான வேதியியல் இது.

மெதிலீன் குளோரைடு என்ற பெயரைக் கேட்டு அஞ்சுபவர்கள் உண்டு. அது சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும் பொருள். காபி வறுபடுவது 200 டிகிரி சுற்றில். மிஞ்சுவது மிகச் சிறு அளவே, அதற்கும் மேல்நாடுகளில் சட்ட வரம்பு உண்டு. அதையும் விரும்பாதவர்கள் பாக்கெட்டில் ‘வாட்டர் ப்ராசஸ்’ என்றோ ‘கார்பன் டை ஆக்சைடு’ என்றோ எழுதியிருப்பதைத் தேடி வாங்கலாம். விலை கூடும்.

எந்த முறையானாலும் காஃபீன் முழுக்கப் போவதில்லை. ஐரோப்பாவில் வறுத்த டிகாஃப் கொட்டையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே அளவுகோல். நம் கணக்குக்கு அதையே மேல் வரம்பாக வைத்துக்கொள்ளலாம்: 10 கிராம் டிகாஃப் தூளில் 10 மில்லிகிராம்.

ஊறவைத்து, காயவைத்து, மீண்டும் வறுத்த கொட்டை பழைய கொட்டை போல நடந்துகொள்ளாது. பச்சையிலேயே அது பழுப்பாகிவிட்டிருக்கும். அதனால் வறுக்கும்போது சீக்கிரம் கறுக்கும். நிறத்தைப் பார்த்து இறக்குபவர் ஏமாந்துபோவார். வழக்கமான கொட்டையோடு சேர்த்து ஒரே தொட்டியில் வறுத்தால் ஒன்று தீயும், மற்றது வேகாது. தனித்தனியே வறுத்த பிறகே கலக்க வேண்டும். டிகாஃப் கொட்டை எளிதில் நொறுங்குவதால் அரைக்கும்போது மாவு அதிகம் விழும். எண்ணெயும் விரைவில் மேலே வரும், சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். வாசனையில் ஒரு பங்கு தொலைந்திருக்கும். அந்த இழப்பைக் காபி குடிப்பவர் உணர்வார். பாதிக் கலவை இதனால்தான் நல்ல வழி. மறுபாதிக் கொட்டை வாசனையைத் தருகிறது, கீழ்ச்சுருதியை சிக்கரி தாங்குகிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

சென்னையில் ஒரு கணவன் மனைவியை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர், மாலை நான்கு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். ஒவ்வொரு முறையும் ஃபில்டரில் 20 கிராம் தூள் போடுகிறார்கள். தூள் 80க்கு 20 கலவை. அந்த 80 பங்குக் காபியில் பாதி அராபிகா, பாதி ரோபஸ்டா. கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

20 கிராமில் 4 கிராம் சிக்கரி. மிச்சம் 16 கிராம் காபி. அதில் 8 கிராம் அராபிகாவில் 96 மில்லிகிராம் காஃபீன், 8 கிராம் ரோபஸ்டாவில் 176. மொத்தம் 272. இரண்டு டம்ளருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 136. தூளிலிருந்து எல்லாமே டிகாஷனில் இறங்கிவிடாது என்பதால் இது மேல் வரம்பு என்று கொள்ளுங்கள். ஆனாலும் காஃபீன் வெந்நீரில் எளிதாகக் கரையும். முதல் டிகாஷனிலேயே பெரும்பகுதி வந்துவிடும்.

காஃபீன் உடலில் பாதியாகக் குறைய சாதாரணமாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை நான்கு மணிக்குக் குடித்த 136இல் இரவு ஒன்பதுக்கு 68 மில்லிகிராம் இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. கணவருக்குப் படுத்தும் தூக்கம் வராத காரணம் அங்கே இருக்கிறது. மூளையில் சோர்வைச் சொல்லும் அடினோசின் என்ற பொருள் அமர வேண்டிய இடத்தில் காஃபீன் போய் அமர்ந்துகொள்கிறது. சோர்வு தீரவில்லை, செய்தி மட்டும் தடைப்படுகிறது.

இனி குறைப்போம். இவர்களுடைய இலக்கு 136இல் பாதி, அதாவது ஆளுக்கு 68.

பலரும் முதலில் செய்வது, அதே தூளில் 10 கிராமும் டிகாஃப் தூளில் 10 கிராமும் போடுவது. காஃபீன் கணக்கு சரியாகவே வருகிறது: பழைய தூளிலிருந்து 136, டிகாஃபிலிருந்து 10, மொத்தம் 146, ஆளுக்கு 73. ஆனால் ருசி கெடுகிறது. பழைய தூளில் இருந்த சிக்கரி 4 கிராமிலிருந்து 2 கிராமாகக் குறைந்துவிட்டது. டிகாஃப் தூளில் சிக்கரி இல்லை. டிகாஷன் வெளிறி, பால் ஊற்றியதும் நீர்த்துப்போகிறது. உடனே ‘டிகாஃப் என்றாலே இப்படித்தான்’ என்று பழியை அதன்மேல் போடுகிறார்கள். மருந்து எளிது. 10 கிராம் பழைய தூள், 8 கிராம் டிகாஃப் தூள், 2 கிராம் சிக்கரி. சிக்கரியைத் தனியாகக் காபித்தூள் கடையிலேயே தருவார்கள். இப்போது சிக்கரி பழையபடி ஐந்தில் ஒரு பங்கு, காஃபீன் ஆளுக்கு 72. இலக்கை மயிரிழையில் தாண்டி நிற்கிறது, அது பொருட்டல்ல.

இரண்டாவது வழியை நான் அதிகம் விரும்புகிறேன். டிகாஃபைத் தொடுவதற்கு முன்னால் ரோபஸ்டாவை விலக்குவது. கடைக்காரரிடம், “80க்கு 20, காபி முழுக்க அராபிகா” என்று சொல்லி வாங்கினால், 16 கிராமில் காஃபீன் 192. ஆளுக்கு 96. டிகாஃப் ஒரு கொட்டைகூட இல்லாமல் முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்துவிட்டது. டிகாஷன் கொஞ்சம் மெலிதாகும், கசப்பு தணியும், வாசனை கூடும். இதற்குப் பழகிய பிறகு அந்த 16 கிராமில் 4 கிராமை மட்டும் டிகாஃபாக மாற்றினால் ஆளுக்கு 74. இன்னும் கொஞ்சம், 5 கிராம் மாற்றினால் ஏறக்குறைய 68. இலக்கு அங்கேயே கைக்கு எட்டிவிடுகிறது. தொலைந்த வாசனையும் மிகக் குறைவு, ஏனென்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நல்ல அராபிகா அப்படியே இருக்கிறது. பாதிக்குப் பாதி டிகாஃப் போட்டால் 52 ஆகும். கர்ப்பிணிகளுக்கும், ஒரு கோப்பையிலேயே படபடப்பு வருபவர்களுக்கும் அந்த அளவு பொருந்தும்.

‘பாதி’ என்று சொல்லும்போது எதில் பாதி என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான். ரோபஸ்டா நிறைந்த தூளில் பாதியை டிகாஃபாக்கியவரும், அராபிகாத் தூளில் கால்பங்கை மட்டும் டிகாஃபாக்கியவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

ஃபில்டருக்கு முன்னால்

கரண்டியை நம்பாதீர்கள். டிகாஃப் தூளும் வழக்கமான தூளும் அரைவையிலும் கனத்திலும் ஒன்றல்ல. ஒரே கரண்டியில் இரண்டின் எடையும் வேறுபடும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஒருமுறை நிறுத்துப் பார்த்து, உங்கள் வீட்டுக் கரண்டியில் எது எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொண்டால் பிறகு தினமும் தராசு வேண்டியதில்லை.

ஒரு கிலோ வாங்கிக் கலந்து பெரிய டப்பாவில் அடைப்பது நல்ல யோசனை போலத் தோன்றும். அதில் இரண்டு கேடுகள். டிகாஃப் தூள் முதலில் வாடை மாறும். மற்றதையும் சேர்த்துக் கெடுக்கும். இரண்டாவது, தினமும் டப்பாவைக் குலுக்கும்போது மாவு போன்ற நைஸ் தூள் கீழே இறங்கும், சற்றுப் பருமனானது மேலே நிற்கும். முதல் வாரம் ஒரு மாதிரி, கடைசி வாரம் வேறு மாதிரி காபி குடிப்பீர்கள். பாதி பாதி என்று நினைத்துக்கொண்டே ஒரு நாள் முக்கால், ஒரு நாள் கால் குடிப்பதில் அர்த்தமில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஈரமில்லாத பாத்திரத்தில் நன்றாகக் கிளறி, காற்றுப் புகாத சிறு டப்பாவில் வையுங்கள். கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பவர்கள் அன்றன்றைக்கு இரண்டையும் நிறுத்து, சேர்த்தே அரைத்துவிடலாம். அதுதான் ஆகச் சிறந்தது.

டிகாஃப் கொட்டை எல்லாக் காபித்தூள் கடையிலும் கிடைக்காது. தோட்டத்துக் கொட்டையை வறுத்து விற்கும் புதிய கடைகளில் தேட வேண்டியிருக்கும். அதைக் கொண்டுபோய் வழக்கமான கடை எந்திரத்தில் அரைத்துத் தரச் சொன்னால், முந்தைய வாடிக்கையாளரின் தூள் கொஞ்சம் அதில் கலந்துதான் வரும். பாதிக் கலவைக்கு இது ஒன்றும் கெடுதல் இல்லை. காஃபீன் அறவே கூடாது என்று இருப்பவருக்கு மட்டும் இது ஆகாது.

இனி ஃபில்டர். டிகாஃப் கலந்த முதல் நாளிலேயே பலர் வீட்டில் நடப்பது, மேல் பாத்திரத்தில் வெந்நீர் அப்படியே நிற்பது. அரை மணி கழித்துத் திறந்தாலும் கீழே நான்கு சொட்டுதான். நொறுங்கிய மாவு ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. கூடவே சிக்கரி நீரை உறிஞ்சி உப்புவதால் அடைப்பு இறுகுகிறது. இதற்கு அரைவையை ஒரு படி பருமனாக்க வேண்டும். தூளை மேல் பாத்திரத்தில் போட்டு லேசாகத் தட்டிச் சமப்படுத்தினால் போதும். காம்பு வைத்த ஓட்டைத் தட்டை அதன்மேல் வைத்து ஓங்கி அழுத்தக் கூடாது. கொதித்து அடங்கிய நீரை முதலில் தூள் நனையுமளவு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் விட்டு, மிச்சத்தை ஊற்றுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் இறங்கினால் அரைவை சரி. ஐந்து நிமிடத்துக்குள் மொத்தமும் இறங்கி, டிகாஷனைக் கரண்டியில் எடுத்தால் அடி தெரிகிறது என்றால் பருமன் அதிகமாகிவிட்டது. அப்போது தூளைக் கூட்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், கூட்டினால் காஃபீனும் கூடும். அரைவையைத்தான் திருத்த வேண்டும்.

பால், சர்க்கரை, டம்ளரின் அளவு, குடிக்கும் சூடு இவற்றில் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது முக்கியம். கலவையை மாற்றும் வாரத்திலேயே சர்க்கரையையும் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எது பிடிக்கவில்லை என்று நாக்குக்குத் தெரியாமல் போய், கடைசியில் பழைய காபிக்கே திரும்புவார்கள்.

தலைவலியும் பழக்கமும்

ஒரே நாளில் பாதியாக்கலாமா? சிலருக்கு முடியும். ஆனால் தினமும் 100 மில்லிகிராம் அளவுக்குக் குடிப்பவருக்கே திடீரென்று நிறுத்தினால் விலகல் தொல்லை வரும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அதிகபட்சம் ஒன்பது நாள் வரை நீளலாம். எரிச்சல், மந்தம், கவனக்குறைவு கூட வரும். இதைக் காய்ச்சலின் தொடக்கம் என்றோ ரத்த அழுத்தம் என்றோ நினைத்து மாத்திரை போடுபவர்கள் நிறைய. பல தலைவலி மாத்திரைகளில் காஃபீன் சேர்த்திருப்பார்கள். மாத்திரை உடனே கேட்டுவிடும், குறைத்த காஃபீனும் பின்வாசல் வழியே திரும்ப வந்துவிடும்.

மேலே சொன்ன தம்பதியின் இரண்டாவது வழியே இங்கும் உதவுகிறது. முதல் வாரம் ரோபஸ்டா இல்லாத தூள். இரண்டாம் வாரம் 2 கிராம் டிகாஃப். மூன்றாம் வாரம் 4, பிறகு 5. ஒவ்வொரு படியிலும் நான்கைந்து நாள் நின்று, மதியத் தலைவலி இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த படி. வலி வந்தால் முந்தைய படிக்கு ஒரு வாரம் திரும்பலாம். அதில் இழப்பு எதுவும் இல்லை.

டம்ளரை நிறுத்தாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவதற்கு இன்னொரு பலனும் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஒரு சோதனையில், நிறையக் காபி குடிப்பவர்கள் 24 மணி நேரம் காஃபீன் இல்லாமல் இருந்தார்கள். பிறகு சிலருக்கு டிகாஃப் கொடுத்து அது சாதாரணக் காபி என்றார்கள், சிலருக்கு டிகாஃப் கொடுத்து டிகாஃப் என்றே சொன்னார்கள், மற்றவர்களுக்குத் தண்ணீர். சாதாரணக் காபி என்று நம்பியவர்களுக்குத் தொல்லை மிகவும் குறைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், டிகாஃப் என்று தெரிந்தே குடித்தவர்களுக்கும் குறைந்தது, முன்னவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும். வாசனையும் சூடும் கசப்பும் சேர்ந்து, வரப்போவதை உடலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. டபராவில் ஆற்றும்போது எழும் ஆவியும் அதில் ஒரு பகுதி. காலைக் காபியைக் கைவிடச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதே என் வருத்தம்.

எங்கே உதவாது

நெஞ்செரிச்சலுக்காகக் காஃபீனைக் குறைப்பவர்களுக்கு இந்தக் கலவை பெரிதாகக் கைகொடுக்காது. டிகாஃப் காபியும் வயிற்றில் அமிலத்தைத் தூண்டும். காரணம் காஃபீன் மட்டும் அல்ல, காபியில் இருக்கும் மற்றப் பொருள்களும்தான். அவர்கள் வெறும் வயிற்றில் குடிப்பதை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம்.

‘பாதிதானே’ என்று பதினொரு மணிக்கு இன்னொரு டம்ளர் போட்டால் கணக்கு பழைய இடத்துக்கே போய்விடும். தேநீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பையில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை உண்டு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வரம்பு சொன்னது. கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் காஃபீன் உடலை விட்டு வெளியேற மும்மடங்கு நேரம்கூட ஆகலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நேரம் நீளும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் அப்படியே. அதைச் சாப்பிடும் நாள்களில் வழக்கமான ஒரே டம்ளர் படபடப்பைத் தந்தால் கொட்டையைக் குறை சொல்ல வேண்டாம்.

மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. காஃபீனைத் திடீரென்று குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், அது ஆபத்தான அளவுக்கும் போகலாம். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனையோடு மட்டுமே குறைக்க வேண்டும்.

மாலைக் காபிக்கு ஒரு சிறு யோசனை. காலையில் இறக்கிய தூளிலேயே மீண்டும் வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாஷனில் காஃபீன் மிகக் குறைவு. ருசியும் குறைவுதான். அதில் ஒரு கரண்டி டிகாஃப் தூளைப் புதிதாகச் சேர்த்து இறக்கினால் வாசனை திரும்ப வரும்; நான்கு மணிக்குக் குடித்தாலும் இரவு பத்து மணிக்குத் தூக்கம் வரும். தூளை வெளியிலேயே வைத்தால் கோடையில் புளித்துப்போகும் என்பதால், காலை டிகாஷன் இறங்கியதும் மேல் பாத்திரத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்று மாலைக்குள்ளேயே பயன்படுத்திவிட வேண்டும்.